இன்று 6 லட்சமா, 5 வருஷம் கழித்து 8 லட்சமா?

கேள்வி: அப்பா வீட்டில் என் பங்குக்கு 6 லட்சம் இப்போதே தருகிறேன் என்கிறான் தம்பி. 5 வருஷம் பொறுத்தால் 8 லட்சமாம். "அரை வட்டிக்கு மேலேயே வருதுக்கா" என்கிறான். எனக்கு 10% வட்டியில் 2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதே 6 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகைக்கடனைக் கொஞ்சம் மறந்துவிட்டு, முழுப் பணத்தையும் வங்கியில் டெபாசிட் போடுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 7% என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வங்கியில் இன்றைய வட்டியைக் கேட்டு அதைப் போட்டுப் பாருங்கள். முதல் வருஷ முடிவில் 6,42,000 ஆகும். இரண்டாம் வருஷம் அந்த 42,000க்கும் சேர்த்து வட்டி வரும், 6,86,940 ஆகும். இப்படியே போனால் 5 வருஷ முடிவில் சுமார் 8,41,500. தம்பி சொல்லும் தொகையைவிட 41,500 அதிகம்.

இதையே பின்னாலிருந்தும் பார்க்கலாம். 5 வருஷம் கழித்து 8 லட்சம் கையில் இருக்க இன்று எவ்வளவு போட்டு வைக்க வேண்டும்? 8 லட்சத்தை 1.07ஆல் ஐந்து முறை வகுத்தால் சுமார் 5,70,400 வரும். தம்பி சொல்லும் 8 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு அவ்வளவுதான். எக்செல் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் போடச் சொல்லுங்கள்:

```
=PV(7%,5,0,-800000)
```

தம்பி ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். அரை வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 50 காசு, வருஷத்துக்கு 6%. ஆறு லட்சத்துக்கு 5 வருஷத்தில் 1,80,000 வரும். அவர் 2 லட்சம் தருகிறார். கணக்கு சரிதான், ஆனால் அது தனிவட்டி. வங்கியில் வட்டிக்கும் வட்டி சேர்கிறது. அந்த முறையில் பார்த்தால் தம்பி தருவது வருஷத்துக்கு 5.9% மட்டுமே.

இப்போது நகைக்கடனுக்கு வருவோம். எந்த வட்டியை வைத்துக் கணக்குப் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பணம் கைக்கு வந்தால் நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்களோ, அதில் கிடைப்பதுதான் உங்கள் வட்டி. பீரோவில் வைத்துப் பூட்டுபவருக்கு அது சுழியம். அவருக்கு 8 லட்சமே மேல். 20% வரி கட்டுபவருக்கு 7% என்பது 5.6% ஆகிவிடும், அவருக்கும் தம்பி சொல்வது ஒரு பிடி கூடத்தான். உங்களுக்கோ 10% கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அடைப்பது 10% சம்பாதிப்பதற்குச் சமம். முதலில் 2 லட்சம் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். மீதி 4 லட்சத்தை டெபாசிட் போட்டால் 5 வருஷத்தில் சுமார் 5,61,000. அடகை வருஷா வருஷம் மாற்றி வைத்து ஓட்டியிருந்தால் அந்த 2 லட்சம் கடன் 3,22,000 ஆகியிருக்கும்; அதுவும் மிச்சம். இரண்டும் சேர்ந்து 8,83,000.

தம்பியிடம் இப்போது முழுத்தொகை இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அதே 8 லட்சத்தை வருஷக் கடைசியில் 1,60,000 வீதம் ஐந்து தவணையாகக் கேளுங்கள். முதல் தவணை ஒரே வருஷத்தில் வந்துவிடுவதால், 7% கணக்கில் அந்த ஐந்தின் இன்றைய மதிப்பு சுமார் 6,56,000. ஒரே தடவையாகக் கடைசியில் வாங்குவதைவிட 85,000க்கு மேல் கூடுதல். நகைக்கடனையும் முதல் இரண்டு தவணையிலேயே முழுதும் அடைத்துவிடலாம்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் பணம் சொன்னபடி வரும் என்று நம்பித்தான். தம்பி நல்லவராகவே இருக்கலாம். 5 வருஷத்தில் அவருக்குத் தொழிலில் நஷ்டம் வரலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். பின்னால் வாங்குவது என்றே முடிவானால், பணம் முழுதும் வரும்வரை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "புரோநோட்டு எழுதித் தருகிறேன்" என்றாலும் கவனம் வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதும் வழக்கமான புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம்தான் வழக்குப் போடக் கெடு. ஐந்தாம் வருஷம் எடுத்துப் பார்த்தால் அது காலாவதியாகியிருக்கும். 3 வருஷம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். அதைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தமாகவே எழுதி, கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.