ஒரு லட்சம் ரூபாய்ப் பத்திரம் 93,290 ஆனது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அரசுப் பத்திரம் ஒன்றை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். வட்டி 7 சதவீதம், பத்து ஆண்டு முதிர்வு. வாங்கிய கொஞ்ச நாளில் சந்தை வட்டி 8 ஆகிவிட்டது. கணக்கைத் திறந்தால் இன்றைய மதிப்பு 93,290 என்கிறது. வட்டி ஏறினால் எனக்கு லாபம்தானே? (குடியாத்தம்)

ஏறிய வட்டி இனி வரும் பத்திரங்களுக்கு. உங்களுடையதில் ஆண்டுக்கு 7,000 ரூபாய் என்று எழுதியாயிற்று, அது கடைசிவரை மாறாது. முதிர்வில் கிடைக்கும் ஒரு லட்சமும் மாறாது. இன்று ஒரு லட்சம் போட்டால் 8,000 தரும் புதுப் பத்திரம் இருக்கும்போது, உங்களுடையதை யார் முழு விலைக்குக் கேட்பார்கள்? மாறக்கூடியது விலை ஒன்றுதான். வாங்குபவருக்கும் 8 சதவீதம் கட்டுப்படியாகும் வரை அது இறங்கும். அவர் கொடுக்கும் விலைக்கு, வட்டியும் முதிர்வுத் தொகையும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கிறதோ, அதுதான் ஈல்டு. வட்டி விகிதம் பத்திரத்தோடு பிறந்தது, ஈல்டு அன்றைய விலையோடு பிறப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

7,000 ரூபாய் என்பது 8 சதவீதமாக இருக்க வேண்டுமானால் விலை 87,500 அல்லவா? 93,290 எங்கிருந்து வந்தது? (காட்பாடி)

நல்ல கேள்வி. அசலே திரும்பி வராத பத்திரமாக இருந்தால் உங்கள் கணக்கு சரி. இங்கே பத்தாம் ஆண்டு ஒரு லட்சம் வருகிறது. 87,500-க்கு வாங்குபவருக்கு வட்டியிலேயே 8 சதவீதம் கிடைத்துவிடும், முதிர்வில் இன்னும் 12,500 கூடுதல். மொத்தத்தில் அவருக்கு 8.9 சதவீதத்துக்கு மேல் போகும். அவ்வளவு மலிவாக விற்க யாரும் ஒப்ப மாட்டார்கள்.

93,290-இல் வாங்கினால் வட்டி மட்டும் 7.5 சதவீதம். மீதி அரை சதவீதம், முதிர்வில் கிடைக்கும் 6,710 ரூபாய் வித்தியாசத்திலிருந்து வருகிறது. கணக்கு இதுதான்: வரப்போகும் ஒவ்வொரு தொகையையும் 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் 7,000, இன்று 6,481. அதற்கடுத்த ஆண்டின் 7,000, இன்று 6,001. பத்தாம் ஆண்டு வட்டியோடு வரும் 1,07,000, இன்று 49,562. பத்து ஆண்டுத் தொகைகளையும் கூட்டினால் 93,290. எக்செலில் ஒரே வரி:

```
=PV(8%,10,-7000,-100000)
```

இங்கே ஆண்டுக்கு ஒருமுறை வட்டி என்று வைத்திருக்கிறேன். அரசுப் பத்திரங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை தருவதால், அப்படிப் போட்டால் 93,205 வரும். நூறு ரூபாய்க்குள்தான் வித்தியாசம்.

நஷ்டத்தோடு விற்றுவிட்டு 8 சதவீதப் பத்திரத்துக்கு மாறிவிடலாமா? (ராணிப்பேட்டை)

மாறினால் கையில் வருவது 93,290. அதை 8 சதவீதத்தில் போட்டால் ஆண்டுக்கு 7,463 ரூபாய், இப்போது வருவதைவிட 463 கூடுதல். ஆனால் முதிர்வில் ஒரு லட்சத்துக்குப் பதில் 93,290-தான் திரும்பும். அந்த 463-ஐ ஆண்டுதோறும் அதே 8 சதவீதத்தில் போட்டுவந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் சேருவது சுமார் 6,710, அதாவது விட்ட தொகை அப்படியே. விலை இறங்கும்போதே வட்டி வித்தியாசத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. தரகும் வரியும் போனால் மாறியதில் மிச்சமில்லை. முதிர்வுவரை பணம் தேவைப்படாதவர் பேசாமல் இருப்பதே மேல். இடையில் மகள் கல்யாணமோ வீட்டு வேலையோ வந்து விற்க வேண்டியிருந்தால்தான் அந்த நஷ்டம் கைக்கு வரும்.

எல்லாப் பத்திரமும் இதே அளவு விழுமா? (ஆரணி)

இல்லை. அதே 7 சதவீதம், அதே ஏற்றம்: இரண்டு ஆண்டில் முதிர்வது 98,217 ஆகும், முப்பது ஆண்டுப் பத்திரம் 88,742. வாங்குபவர் எத்தனை ஆண்டு குறைந்த வட்டியைச் சுமக்க வேண்டுமோ, அதற்கேற்பத் தள்ளுபடி கேட்கிறார். சந்தை வட்டி 6-க்கு இறங்கினால் உங்களுக்குச் சாதகம்: பத்து ஆண்டுப் பத்திரம் 1,07,360-க்கு ஏறும்.

கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் மாத அறிக்கையில் ‘மாடிஃபைடு டியூரேஷன்’ என்ற எண்ணைப் பாருங்கள். அது 7 என்றால், ஈல்டு ஒரு சதவீதம் ஏறும்போது மதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும்.

வங்கி வைப்புத்தொகை மட்டும் ஏன் இறங்குவதில்லை? (ஆம்பூர்)

அதை விற்கச் சந்தை இல்லை, அதனால் தினமும் விலை காட்ட ஆளில்லை. 7 சதவீதத்தில் பத்து ஆண்டுக்குப் போட்டுவிட்டு, வெளியே 8 கிடைக்கும்போது நீங்கள் இழப்பதும் அதே வட்டி வித்தியாசம்தான், பாஸ்புக்கில் எழுதுவதில்லை. ஒரு சலுகை உண்டு: பாதியில் முறித்தால், வைத்திருந்த காலத்துக்கான வட்டியில் அபராதம் கழித்துக்கொண்டு அசலை முழுதாகத் தந்துவிடுவார்கள். பத்திரத்தில் அந்தக் கதவு இல்லை, சந்தை விலைக்குத்தான் வெளியே வர முடியும்.