சிகாகோவின் ஒரு நாள் குளிரும் பூமியின் கணக்கும்

"2019 ஜனவரியில் சிகாகோவில் மைனஸ் 30 டிகிரி. அப்புறம் பூமி சூடாகிறது என்று எப்படி நம்புவது? நண்பர் கேட்டார், பதில் தெரியவில்லை."

அந்தக் குளிர் புதிதாக உருவானதல்ல, இடம் மாறி வந்தது. வட துருவத்தின் மேலே குளிர்காற்று ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதத் தொடக்கத்தில் அந்தச் சுழல் உடைந்தது. துருவத்தில் இருக்க வேண்டிய காற்று தெற்கே வழிந்து சிகாகோ வரை வந்தது. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் சராசரி வெப்பநிலை முதல் முறையாக 30 டிகிரியைத் தாண்டியது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதுவரை பதிவான மிக வெப்பமான ஜனவரிகளில் அதுவும் ஒன்று. சிகாகோ இருக்கும் பகுதி மட்டும் உறைந்தது, அவ்வளவுதான்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த நகரின் மிகக் குறைந்த வெப்பநிலை 1985இல் பதிவான மைனஸ் 33. அத்தனை பேசப்பட்ட 2019 குளிர்கூட அதை முறியடிக்கவில்லை.

ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. கடும் வெயில் நாளுக்கும் இதே விதிதான், அதைப் பூமி சூடாகிறது என்று சொல்லும் நம் தரப்பினரும் மறந்துவிடுகிறார்கள். காலநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டுச் சராசரி. போக்கைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி, ஓர் இடத்தில் ஒரு தேதியில் அதுவரை இல்லாத வெப்பமோ குளிரோ பதிவாகும் சாதனைகளை எண்ணுவது. காலநிலை மாறாவிட்டால் புதிய வெப்பச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2000களில் ஒரு குளிர்ச் சாதனைக்குச் சுமார் இரண்டு வெப்பச் சாதனைகள் பதிவாயின. குளிர்ச் சாதனைகள் நின்றுவிடவில்லை, அரிதாகியிருக்கின்றன. நண்பரிடம் இந்த எண்ணிக்கையை முதலில் காட்டுங்கள்.