முதன்முறை கடைக்குப் பணம் செலுத்துவோருக்கு எது ஏற்றது?

“இப்போதுதான் வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, வாலட், வங்கிப் பரிமாற்றம் இவற்றில் அன்றாடக் கடைச் செலவுக்கு எது நல்லது?”

வணக்கம். பொருள் கைக்கு வராவிட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பதை முதலில் பாருங்கள். மளிகைக் கடையில் பொருளை உடனே வாங்கிவிடுவதால், டெபிட் கார்டோ சில நூறு ரூபாய் ஏற்றிய வாலட்டோ போதும்.

அறிமுகமில்லாத இணையக் கடையில் 4,000 ரூபாய்க்கு மிக்சி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பிய பணத்தை, பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி மீட்டுத் தருவது மிகக் கடினம். எனவே தெரியாதவருக்கு அவ்வழியில் அனுப்பவே வேண்டாம். கார்டில் செலுத்தியிருந்தால், ரசீதையும் கடைக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் காட்டி, கார்டு தந்த வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது செலுத்திய பணத்தைத் திருப்பித் தருமாறு, கோரலாம். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. ஆனால் பணம் திரும்பும்வரை குறைந்திருப்பது உங்கள் சேமிப்பு; கிரெடிட் கார்டில் உங்கள் சேமிப்பு உடனே குறைவதில்லை.

அதற்காகக் கிரெடிட் கார்டுக்கு அவசரப்படாதீர்கள். பில்லில் உள்ள ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினால், மீதிக்கு வட்டி ஏறுவதோடு, புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் பறிபோகும். முழுத் தொகையையும் கெடுவுக்குள் மாதந்தோறும் கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு விண்ணப்பியுங்கள்.