400 கழித்தும் பரவற்படி ஏன் அசையவில்லை?

கேள்வி: Y = 30X − 400 என்றால் சராசரியில் மட்டும் 400ஐக் கழிக்கிறோம். பரவற்படியில் ஏன் கழிப்பதில்லை? அங்கே 30 எப்படி 900 ஆகிறது?

இதற்கு நோட்ஸ் புத்தகங்களில் E(aX+b) = aE(X)+b, Var(aX+b) = a²Var(X) என்று இரண்டு வரியைக் கட்டம் கட்டிப் போட்டு, அடியில் பத்துக் கணக்கு கொடுத்திருப்பார்கள். காரணம் ஒரு வரிதான், அதைத்தான் விட்டுவிடுவார்கள். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரி முதல் ஆண்டோ படிப்பவர் என்று நினைத்து எழுதுகிறேன்.

உங்கள் கணக்கையே ஒரு பஜ்ஜிக் கடையாக வைத்துக்கொள்வோம். தட்டுக்கு 30 ரூபாய் மிச்சம், நாள் வாடகை 400. (எண்ணெய்ச் செலவு எங்கே என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது போகத்தான் 30.) விற்கும் தட்டுகள் X. 20 விற்க நிகழ்தகவு 0.3, 30 விற்க 0.5, 40 விற்க 0.2.

E(X) = 6 + 15 + 8 = 29. E(X²) = 120 + 450 + 320 = 890. ஆகவே Var(X) = 890 − 841 = 49, திட்டவிலக்கம் 7 தட்டு.

இப்போது சூத்திரத்தைத் தொடாமல் லாபத்தை நேராகப் பாருங்கள். 20 தட்டு விற்றால் 200 ரூபாய், 30 விற்றால் 500, 40 விற்றால் 800. சராசரி 60 + 250 + 160 = 470. இது 30 × 29 − 400 என்பதோடு ஒத்துப்போகிறது. பரவற்படிக்கு, ஒவ்வொரு லாபமும் 470இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள்: −270, 30, 330. தட்டுக் கணக்கில் 29இலிருந்து விலகல்கள் −9, 1, 11. ஒவ்வொன்றும் சரியாக 30 மடங்கு. வாடகை எங்கே போயிற்று? லாபத்திலும் 400 குறைந்தது, லாபத்தின் சராசரியிலும் அதே 400 குறைந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததும் அடிபட்டுப்போயிற்று. எழுத்தில் சொன்னால்:

Y − E(Y) = (aX + b) − (aE(X) + b) = a(X − E(X))

புத்தகம் விட்டுவிடும் வரி இதுதான். பரவற்படி என்பது விலகலின் வர்க்கத்துக்குச் சராசரி. விலகல் 30 மடங்கானால் வர்க்கம் 900 மடங்கு. Var(Y) = 900 × 49 = 44,100. திட்டவிலக்கம் 210 ரூபாய், அதாவது 30 × 7. பரவற்படியின் அலகு ரூபாயின் வர்க்கம் என்பதால், ரூபாயில் இருக்கும் 400ஐ அதில் கழிக்கவே முடியாது. தேர்வில் சந்தேகம் வந்தால் அலகைப் பார்த்தாலே போதும்.

a குறை எண்ணாக இருந்தாலும் இதே கதைதான். Var(500 − 3X) என்பது 9 × 49 = 441. விடையில் பரவற்படி குறை எண்ணாக வந்தால், வர்க்கப்படுத்த மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திட்டவிலக்கத்துக்கு a அல்ல, |a|.

நிறையப் பேர் சறுக்குவது வேறு இடத்தில். “ஒரு வாரத்து விற்பனையின் பரவற்படி என்ன?” என்று கேட்டால் 7X என்று எழுதி 49 × 49 = 2,401 என்கிறார்கள். 7X என்றால் திங்கட்கிழமை விற்ற எண்ணிக்கையே ஏழு நாளும் அப்படியே திரும்ப வருகிறது என்று பொருள். உண்மையில் அவை X₁ முதல் X₇ வரை ஏழு தனித்தனி மாறிகள். ஒரு நாள் குறைந்தால் இன்னொரு நாள் கூடி ஓரளவு ஈடுகட்டும். நாட்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் பரவற்படி 7 × 49 = 343, திட்டவிலக்கம் ஏறக்குறைய 18.5 தட்டு. 7X என்று எழுதியவருக்கு 49 தட்டு வந்திருக்கும். சராசரி இரண்டிலும் 203தான், அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. (மழை தொடர்ந்து பெய்தால் நாட்கள் எப்படிச் சாராதவை ஆகும் என்று கேட்பவர்கள் சொல்வது சரிதான். அப்போது உடன்மாறுபாட்டையும் கூட்ட வேண்டும், 343 செல்லாது.)

இன்னொன்று, இந்தச் சூத்திரம் aX + b என்ற நேர்கோட்டு வடிவத்துக்கு மட்டும்தான். கடைக்காரர் 35 தட்டுக்கு மேல் மாவு கரைப்பதில்லை என்று வையுங்கள். 40 பேர் கேட்டாலும் 35தான் விற்கும். விற்பனை இப்போது 20, 30, 35. சராசரி 6 + 15 + 7 = 28. கேட்பவர்களின் சராசரி 29, அது 35க்குள் இருப்பதால் மாவு போதும் என்று 30 × 29 − 400 = 470 போட்டால் தப்பு. லாபச் சராசரி 30 × 28 − 400 = 440. இப்படி உச்சவரம்போ குறைந்தபட்சக் கட்டணமோ குறுக்கே வந்தால், முதலில் புதிய மதிப்புகளுக்கு அட்டவணை போட்டு அதன் சராசரியையும் பரவற்படியையும் கண்டுபிடியுங்கள். 30ஆல் பெருக்குவதும் 400 கழிப்பதும் அதற்குப் பிறகுதான்.