10க்கு 12 ரூமுக்கு எத்தனை பாக்ஸ் டைல்ஸ்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் அம்மா இருக்கும் பழைய வீட்டில் ஒரு ரூமுக்கு மட்டும் 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ் போட வேண்டும். நான் பெங்களூரில் இருக்கிறேன். கையில் இருப்பது ஒரு போட்டோவும் "பத்துக்குப் பன்னெண்டு இருக்கும் சாமி" என்று அம்மா சொன்ன அளவும்தான். 120 சதுர அடி, ஒரு பாக்ஸ் 15.5 சதுர அடி, அப்படியானால் 8 பாக்ஸ் போதுமா?

பதில்:

போதாதுங்க. 10 பாக்ஸ் வேண்டும், ஒருவேளை 11 கூட ஆகலாம். அந்த ஒரு பாக்ஸைத் தீர்மானிப்பது உங்கள் அம்மா சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டு இஞ்ச்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு டைல்ஸ் கடையில் பல வருஷம் கணக்கு எழுதியவன் நான். நீங்கள் போட்ட அதே கணக்கை என் அத்தை வீட்டுக்கே போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போட்டோ. கதவு இருக்கும் சுவர் உங்கள் படத்தில் நேராகத் தெரிகிறது. அது நல்லது. கதவு நிலவு பெரும்பாலும் வெளி அளவு 3 அடி அகலம் இருக்கும். என் போன் திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நிலவு 2.1 செ.மீ., சுவர் முழுக்க 7.1 செ.மீ. 7.1ஐ 2.1ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் 10 அடி 2 இஞ்ச் பக்கம் வருகிறது. அம்மா சொன்னதற்கு ஒத்துப்போகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். நிலவை அளந்ததில் ஒரு மி.மீ. தவறி 2.0 என்று எடுத்திருந்தால் சுவர் பத்தே முக்கால் அடிக்குக் கிட்டே போயிருக்கும். 2.2 என்றால் ஒன்பதே முக்காலுக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆக, கதவை வைத்துப் பார்ப்பது அரை அடி முன்னே பின்னே. அதுவும் நேராக எதிரே தெரியும் சுவருக்கு மட்டும்தான் பொருந்தும். ரூமின் நீளத்தை இப்படி எடுக்கவே முடியாது. தூரமாகப் போகப் போக எல்லாம் சுருங்கித் தெரியும். போனில் 0.5 போட்டு எடுத்த படம் என்றால் ஓரங்கள் இழுபட்டு இன்னும் மோசமாகிவிடும்.

ஆனால் உங்கள் படத்தில் அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று கிடக்கிறது. தரையில் இருக்கும் பழைய மொசைக் கல். சாய்ந்து தெரிந்தாலும், தூரத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் கல்லின் எண்ணிக்கை மாறாது. பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். கதவுச் சுவரை ஒட்டி 12 கல். நீளவாக்கில் கட்டில் மறைக்காத வரிசையில் 14ம், ஏறக்குறைய அரையும். ஒரு கல் 10 இஞ்ச் என்று வைத்தால் 10 அடிக்கு 12 அடி. அம்மா சொன்னது சரிதான்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. மொசைக் கல்லை எல்லோரும் பத்து இஞ்ச் என்பார்கள். நிறைய இடத்தில் அது 250 மி.மீ. கல், அதாவது பத்து இஞ்சுக்குச் சற்றே குறைவு. ஒரு கல்லை அளந்தால் வித்தியாசம் தெரியாது. பத்துக் கல்லைச் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். சரியாக 100 இஞ்ச் வந்தால் உங்கள் ரூம் அகலம் 10 அடி. தொண்ணூத்தெட்டரை வந்தால் 9 அடி 10 இஞ்ச்.

இரண்டு இஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். பெயிண்ட்டாக இருந்தால் ஒன்றும் வராது. குறைந்தால் இன்னொரு லிட்டர் வாங்கிக் கொள்ளலாம். டைல்ஸில் அப்படி இல்லை. 2க்கு 2 என்று வாய்ப்பேச்சில் சொல்கிறோமே தவிர, அந்தக் கல் 600 மி.மீ.தான். இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. ஒரு கல்லுக்கு ஒரு செ.மீ. கிட்டே அடி வாங்குகிறது. ஐந்து கல்லை, கல்லுக்கு நடுவே இடைவெளிக்கு 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து வரிசையாகப் போட்டால் 3008 மி.மீ. உங்கள் சுவர் 10 அடி என்றால் 3048. கடைசியில் 40 மி.மீ. இடைவெளி, ஒன்றரை இஞ்ச், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். 12 அடிப் பக்கம் ஆறு கல் போட்டால் 48 மி.மீ. நிற்கும். அகலம் 9 அடி 10 இஞ்சாக இருந்தால் இந்தத் தொந்தரவே கிடையாது. ஐந்தாவது கல்லை மூணு நாலு நூல் அறுத்தால் உட்கார்ந்துவிடும்.

இந்த ஒன்றரை இஞ்சில்தான் நான் மாட்டினேன். காங்கேயத்தில் அத்தை வீட்டு ரூம் அளவும் இதே பத்துக்குப் பன்னிரண்டு. நானே 8 பாக்ஸ் ஏற்றி அனுப்பினேன். இரண்டாம் நாள் மத்தியானம் டைல்ஸ் மேஸ்திரி போன் செய்தார். "ஏனுங்க, செவுத்தோரமா ஒன்றரை இஞ்ச் நிக்குதுங்க. அதுக்குப் பிட்டு அறுத்தா பாதி ஒடைஞ்சே போகுது. ஒட்டுனாலும் நல்லாருக்காது, உங்க அத்தை என்னையத்தான் வைவாங்க." சுவர் அடியில் சுற்றி ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு கல்லும் மிச்சம் இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். அவ்வளவு மெல்லிய துண்டை கட்டரில் கீறி ஒடித்தால் நேராக வராது. மெஷின் பிளேடு வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

இப்படி மிச்சம் நிற்கும்போது மேஸ்திரிக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பேசரைப் பெரிதாக்குவது. 2 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. வைத்தால் அகலத்தில் ஐந்து கல் 3020 வரை போகும். மிச்சம் 28, பக்கத்துக்கு 14. நீளத்தில் பக்கத்துக்கு 16 அல்லது 17 வரும். ஸ்கர்ட்டிங் கல்லும் அதன் பின்னால் வரும் கலவையும் சேர்ந்து பதினெட்டு மி.மீ. கனம் வரும், அதற்குள் மறைந்துவிடும். தரைக்கு முழுக் கல்லாக 5க்கு 6, முப்பது கல்லில் வேலை முடியும். ஆனால் சுவர் நேராக இருக்க வேண்டும். பழைய வீட்டில் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் ஒரு இஞ்ச் கோணல் இருப்பது சாதாரணம். கோணல் இருந்தால் ஒரு பக்கம் மறையும், மறுபக்கம் பல்லைக் காட்டும்.

இன்னொரு வழி, நடுவில் முழுக் கல்லைப் போட்டு இரண்டு ஓரத்திலும் சமமாக வெட்டுக் கல் வைப்பது. அகலத்தில் நாலு முழுக் கல், இரண்டு ஓரத்திலும் 319 மி.மீ. துண்டு. நீளத்தில் ஐந்து முழுக் கல், ஓரங்களில் 323. பார்க்க லட்சணமாக இருக்கும், கோணலும் வெட்டில் அடங்கிவிடும். ஆனால் துண்டு பாதிக் கல்லைவிடப் பெரிது என்பதால் ஒரு கல்லில் இரண்டு துண்டு எடுக்க முடியாது. ஆக 6க்கு 7, நாற்பத்திரண்டு கல். அதே ரூம், அதே 120 சதுர அடி, கல் கணக்கு மட்டும் 30க்கும் 42க்கும் நடுவில் ஆடுகிறது.

பாக்ஸுக்கு நாலு கல். இனி உங்கள் கணக்கைப் போட்டுவிடலாம்.

முதல் வழியில் தரைக்கு 30. ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவு 44 அடி, கதவு 3 அடி போக 41 அடி. 4 இஞ்ச் உயரம் என்றால் 600 மி.மீ. நீளத் துண்டு 21 வேண்டும். ஒரு கல்லில் ஐந்து துண்டு வரும், பிளேடு தின்றது போக. அதற்கு 5 கல். கதவுக்கு அடியில், சுவர் கனத்துக்கு, ஒன்பது இஞ்சுக்கு மூணு அடி ஒரு பட்டை வருகிறது. பெரும்பாலோர் மறக்கும் இடம் இதுதான். அதற்கு 2. ஒடைவதற்கு 2. மொத்தம் 39, அதாவது 10 பாக்ஸ்.

இரண்டாம் வழியில் தரைக்கு 42. ஓரக் கல்லை அறுத்தபின் மிஞ்சும் 28 செ.மீ. துண்டுகளை வீசிவிடாதீர்கள். மூலைகள் போக அப்படி 18 துண்டு கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்கர்ட்டிங் எடுக்கலாம். கதவடிப் பட்டைக்கும் அதிலேயே ஆகிவிடும். தனியாக எதுவும் வேண்டாம். ஒடைவதற்கு 2 சேர்த்தால் 44, அதாவது 11 பாக்ஸ்.

கடையில் யாராவது "பத்து பெர்சென்ட் வேஸ்டேஜ் சேர்த்து 9 பாக்ஸ்" என்பார்கள். அவர்கள் ஸ்கர்ட்டிங்கைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். 41 அடிக்கு 4 இஞ்ச் என்றாலே 14 சதுர அடி, ஒரு பாக்ஸுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

குறைந்தால் பிறகு வாங்கிக் கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கல் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியில் இருந்து லாரியில் வருகிறது. ஒவ்வொரு சூளைக்கும் நிறம் ஒரு மயிரிழை மாறும், அதனால்தான் பாக்ஸில் பேட்ச் நம்பர் அடித்திருப்பார்கள். அத்தைக்கு மீதிக் கல் வாங்கும்போது டிசைன் பெயர் அதேதான், பேட்ச் வேறு. வெயிலில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. போட்டு முடித்து ராத்திரி டியூப் லைட் போட்டதும் சன்னல் ஓரத்து வரிசை மட்டும் மோரில் மஞ்சள் கலந்த மாதிரி தனியாகத் தெரிந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே கட்டிலை இழுத்து அந்த ஓரத்தில் போட்டுவிட்டார். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சரி, அம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். தையல் டேப் வீட்டில் இருக்கும், ஆனால் அது 5 அடிதான், இழுத்தால் நீளும். பக்கத்து வீட்டில் கொத்தனார் டேப் கிடைத்தால் வாங்கச் சொல்லுங்கள். கதவுச் சுவரை ஒட்டி ஒரு அளவு, எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு அளவு, அப்படியே நீளத்துக்கும் இரண்டு. அடியோடு நிறுத்தாமல் இஞ்சையும் சொல்லச் சொல்லுங்கள். எதிரெதிர் அளவுகள் அரை இஞ்சுக்குள் ஒத்து வந்தால் 10 பாக்ஸ். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் 11.

11 சொல்லும்போதே, பிரிக்காத பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். வண்டியில் இருந்து இறக்கும்போது எல்லாப் பாக்ஸிலும் ஒரே பேட்ச் நம்பர்தானா என்று போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.