துவரை, பாசி, உளுந்து: புரதக் கணக்கைப் பார்த்துப் பருப்பு வாங்கலாமா?

கேள்வி: நான் வாங்கும் துவரம்பருப்புப் பொட்டலத்தில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம் என்றும், பாசிப்பருப்பில் 24 என்றும், உளுத்தம்பருப்பில் 23 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொரு நிறுவனத்தின் துவரம்பருப்பிலோ 24 என்று இருக்கிறது. புரதத்துக்காகத் துவரையை விட்டுப் பாசிப்பருப்புக்கு மாறலாமா? அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா?

பதில்: புரதம் ஒன்றுக்காக மட்டும் மாற வேண்டியதில்லை. நீங்கள் படித்த எண்கள் பொதுவாகச் சரியானவையே. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில், நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 21.7 கிராமும், தோல் நீக்கிய பாசிப்பருப்பில் 23.9 கிராமும், தோல் நீக்கிய உளுந்தில் 23.1 கிராமும் புரதம் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வரிசையில் பாசி முதலிலும் துவரை கடைசியிலும் நிற்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி உங்கள் தட்டுக்கு வரும்போது எவ்வளவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் உலர்ந்த பருப்பு என்று வைத்துக்கொள்வோம். துவரையில் 6.5 கிராம் புரதமும், உளுந்தில் 6.9 கிராமும், பாசியில் 7.2 கிராமும் கிடைக்கும். மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு ஒரு கிராம்கூட இல்லை. துவரம்பருப்பை 30 கிராமுக்குப் பதிலாக 33 கிராம் எடுத்தால் பாசிப்பருப்பின் புரதம் அப்படியே வந்துவிடும். கைப்பிடியால் அளந்து போடுபவர்களுக்கு இந்த மூன்று கிராம் கூடுவதும் குறைவதும் நாள்தோறும் தற்செயலாக நடப்பதுதான்.

ஒரே துவரைக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு எண்களைப் போடுவதற்குப் பெரும்பாலும் ஏமாற்று காரணமாக இருப்பதில்லை. பருப்பின் இரகம், விளைந்த மண், அறுவடைக் காலம் ஆகியவற்றால் புரதம் சற்று ஏறி இறங்கும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு மூட்டையையும் ஆய்வுக்கு அனுப்பாமல், பொது அட்டவணையிலுள்ள சராசரியையே அச்சிடுகின்றன. இவற்றைவிட எளிதில் கவனிக்கப்படாத காரணம் ஈரப்பதம். உலர்ந்ததாகத் தோன்றும் பருப்பிலும் ஏறக்குறைய பத்து விழுக்காடு நீர் இருக்கிறது. அந்த நீரையும் சேர்த்து எடை பார்த்தால் துவரையின் புரதம் 21.7 என்று வரும். நீரை முழுவதும் நீக்கிவிட்ட எடைக்குக் கணக்கிட்டால் அதே பருப்பு 24-ஐத் தாண்டிவிடும். பாசிக்கும் துவரைக்கும் இடையே நீங்கள் பார்த்த இடைவெளி முழுவதும் இந்தக் கணக்கு வேறுபாட்டிலேயே மறைந்துபோகக் கூடும் என்பதால், வெவ்வேறு நிறுவனங்களின் பொட்டலங்களிலுள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இரண்டு கிராம் வேறுபாட்டை வைத்து முடிவெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சாதாரணத் துவரம்பருப்புக்கு நூறு கிராமில் 30 கிராம் புரதம் என்று யாராவது அச்சிட்டிருந்தால், அது ஐயத்துக்குரியது.

தோலையும் கவனிக்க வேண்டும். முழுப் பாசிப்பயற்றில் 22.5 கிராம் புரதம் என்றும், உடைத்துத் தோல் நீக்கியதில் 23.9 என்றும் அதே அட்டவணை காட்டுகிறது. தோலில் நார்ச்சத்து மிகுதி, புரதம் குறைவு. அதை நீக்கியதும் மிஞ்சியதில் புரதத்தின் பங்கு தானாகக் கூடுகிறது. தோலுடன் கூடிய கறுப்பு உளுந்துக்கும் வெள்ளை உளுந்துக்கும் இதே கதைதான். ஆகவே முழுப்பயற்றை ஒரு பக்கமும் உடைத்த பருப்பை மறுபக்கமும் வைத்து ஒப்பிடக் கூடாது.

விலைக்கு வருவோம். நூறு கிராமிலுள்ள புரதத்தைக் கொண்டு விலையை வகுத்தால், புரதம் கிராமுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்துவிடும். துவரையின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், பாசிப்பருப்பு 110 வரையிலும், உளுந்து 106 வரையிலும் இருக்கும்போது புரதத்துக்கான செலவு சமமாக இருக்கும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொன்றும் சுவைக்காகவோ, விரைவில் வேகும் வசதிக்காகவோ, வயிற்றுக்கு இலேசாக இருப்பதற்காகவோ கொடுக்கப்படுவதே தவிர, புரதத்துக்காக அன்று. இவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறொன்றும் இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

உண்மையில் புரதம் பெரிதாகக் குறையும் இடம் கடையன்று, பாத்திரம். உலர்ந்த பருப்பு வெந்ததும் நீரை உறிஞ்சி ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகிறது. ஐந்து பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு வேகவைத்தால் 450 கிராம் கெட்டியான பருப்பு வரும். மொத்தப் புரதம் 32.5 கிராம், தலைக்கு 6.5. அதையே நீர் ஊற்றி 900 கிராமாகப் பெருக்கினாலும் மொத்தப் புரதம் மாறுவதில்லை. ஆனால் ஒருவர் முன்பு எடுத்த அதே 90 கிராமை மட்டும் எடுத்தால், அவருக்குக் கிடைப்பது 3.2 கிராமுக்குச் சற்று மேல். பருப்பு வகையை மாற்றுவதால் கிடைக்கும் அரைக் கிராம் இலாபத்தைவிட நீர்த்துப்போவதால் ஏற்படும் இழப்பு பல மடங்கு பெரியது. சமைத்து அடைத்த பொட்டலத்தில் நூறு கிராமுக்கு 6 அல்லது 7 கிராம் என்று இருப்பதைப் பார்த்து அதைத் தரக்குறைவானது என்று ஒதுக்குவதும் இதே குழப்பத்தால் வருவதுதான். அது நீரோடு சேர்த்த எடையின் கணக்கு. ஒப்பிட வேண்டுமானால், வேகவைப்பதற்கு முன் உலர்ந்த பருப்பை எடைபோட்டுத் தலைக்குப் பங்கிடுவதே நம்பகமான வழி.

புரதத்தின் தரம் எந்தப் பொட்டலத்திலும் தெரியாது. மூன்று பருப்புகளிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் தாராளமாகவும், கந்தகம் கலந்த மெத்தியோனின், சிஸ்டீன் ஆகியவை குறைவாகவும் இருக்கின்றன. தானியங்களில் இது தலைகீழ். ஆகையால் பருப்பைத் தானியத்தோடு சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஒரு பருப்பிலிருந்து இன்னொரு பருப்புக்கு மாறுவதால் இந்தக் குறை தீராது.

எனவே, பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது புரத எண்ணைவிடப் பொதியிட்ட தேதியில் கண் வைப்பது பயனுள்ளது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நெடுங்காலம் கிடந்த பருப்பு, புரதத்தின் எண்ணை இழக்காமலே வேகும் தன்மையை இழக்கிறது. வழக்கமான நேரத்துக்கு வேகவைத்த பின்னும் விரலால் அழுத்தினால் நடுவில் கடினமாக நிற்கும் பருப்பு அத்தகையது. அரைவேக்காட்டுப் பருப்பில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் முழுவதும் செயலிழப்பதில்லை என்பதால், அச்சிட்ட 22 கிராமும் உடலுக்குச் சேர்ந்ததாகக் கொள்ள முடியாது. அப்படிப்பட்ட பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து, நன்கு மசியும் வரை வேகவைத்துப் பயன்படுத்தலாம். அடுத்த முறை அதே கடையில் அதே மூட்டையிலிருந்து வாங்க வேண்டாம்.