வாயு அழுத்தக் கணக்கில் 2L/v எங்கிருந்து வருகிறது?

“என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மூலக்கூறு சுவரில் மோதுவது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லையே, அப்புறம் விசையைக் கண்டுபிடிக்க ஏன் 2L/v-ஆல் வகுக்கிறோம் என்று கேட்கிறாள். சூத்திரத்தில் உள்ள மூன்றில் ஒன்றும் வெப்பநிலையும் எப்படி உள்ளே வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன்.”

மோதும் நேரத்தால் வகுத்தால் அந்த ஒற்றை அடியின் விசைதான் கிடைக்கும். அழுத்தத்துக்கு வேண்டியது அது இல்லை, சுவருக்கு நொடிக்கு எவ்வளவு உந்தம் வந்து சேர்கிறது என்பது. வாடகைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகலாம், ஆனால் வீட்டுக்காரரின் வருமானத்தைக் கணக்கிடும்போது அந்த இரண்டு நிமிடத்தால் யாரும் வகுப்பதில்லை, ஒரு வாடகைக்கும் அடுத்த வாடகைக்கும் இடையே உள்ள ஒரு மாதத்தால்தான் வகுப்போம். இங்கே அந்த ‘மாதம்’ 2L/v, L என்பது பெட்டியின் பக்க நீளம், v என்பது சுவரை நோக்கி மூலக்கூறு போகும் வேகம். மூலக்கூறு எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வந்து அதே சுவரை மறுபடி தொட எடுக்கும் நேரம்.

எண்களோடு பார்ப்போம். 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரப் பெட்டி, அதாவது ஒரு லிட்டர், உள்ளே 27°C-இல் நைட்ரஜன். ஒரு மூலக்கூறின் நிறை 4.65 × 10⁻²⁶ கி.கி. சுவரை நோக்கி அதன் வேகம் நொடிக்கு 298 மீட்டர் என்று வையுங்கள் (இந்த எண் எப்படி வந்தது என்பது கீழே வரும்). மோதித் திரும்பும்போது உந்தம் mv-யிலிருந்து −mv-க்கு மாறுகிறது, ஆகவே சுவருக்குக் கிடைப்பது 2mv. ஒருமுறை போய்வர 0.2/298 நொடி, அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 1,500 அடி. இரண்டையும் சேர்த்தால் ஒரு மூலக்கூறு தரும் சராசரி விசை mv²/L, அதாவது 4.1 × 10⁻²⁰ நியூட்டன். ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனால் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அந்தப் பெட்டிக்குள் சுமார் 2.45 × 10²² மூலக்கூறுகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், 1,000 நியூட்டனுக்குச் சற்று மேல் வருகிறது, உள்ளங்கை அளவுள்ள அந்தச் சுவரில் நூறு கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. 0.01 சதுர மீட்டரால் வகுத்தால் ஒரு லட்சம் பாஸ்கல், நாம் தொடங்கிய அதே வளிமண்டல அழுத்தம்.

இப்போது மூன்றில் ஒன்று. மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் அலைகின்றன, ஒரு சுவரை அழுத்துவதில் அதற்கு நேரான திசைக்கூறுக்கு மட்டும்தான் பங்கு. மேலே v என்று எழுதிய அந்தக் கூறை இனி vₓ என்போம், v என்பது முழு வேகம். v² = vₓ² + v_y² + v_z², எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லாததால் மூன்றின் சராசரியும் சமம், ஆகவே vₓ²-இன் சராசரி என்பது v²-இன் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து PV = ⅓Nmv². இங்கே பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: v² என்பது வேகங்களின் வர்க்கத்தின் சராசரி, சராசரி வேகத்தின் வர்க்கம் இல்லை. நம் பெட்டியில் சராசரி வேகம் 476, சராசரி இருமடிமூல வேகம் 517. முதலாவதைப் போட்டால் அழுத்தம் 15 சதவீதம் குறைவாக வரும்.

உங்கள் மகள் அடுத்து இதைக் கேட்பாள் என்று நினைக்கிறேன்: வழியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதிக்கொள்ளாதா? நிச்சயம் மோதும். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நேராகப் போவதில்லை, பெட்டியை நேராகக் கடக்கும் மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் விடை மாறாது. சுவருக்கு மிக அருகில் vₓΔt தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி மூலக்கூறுகள் சுவரை நோக்கி வருகின்றன, ஒவ்வொன்றும் 2mvₓ கொடுக்கிறது. Δt-யால் வகுத்தால் அதே சூத்திரம்தான் வருகிறது, எதிர்ச்சுவர் கணக்கிலேயே இல்லை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், 2L/v பற்றிய சந்தேகமே இதில் எழாது.

வெப்பநிலை மோதல் கணக்கிலிருந்து தானாக வரவில்லை, இதைப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை. மோதல் கணக்கு PV = ⅓Nmv² என்கிறது, சோதனையில் கண்ட விதி PV = NkT என்கிறது. இரண்டையும் சமன்படுத்தும்போதுதான் ½mv² = (3/2)kT கிடைக்கிறது. k = 1.38 × 10⁻²³, T = 300 என்று போட்டால் v = 517, அதை √3-ஆல் வகுத்தால் மேலே எடுத்த 298.

T கெல்வினில்தான் இருக்க வேண்டும். பெட்டியை 27-லிருந்து 54°C-க்குச் சூடாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகாது, 300-லிருந்து 327, அதாவது 9 சதவீதம்தான் கூடும். அப்புறம், சமையல் கேஸ் சிலிண்டரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாம், அதற்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருப்பதால், திரவம் தீரும் வரை, வெப்பநிலை மாறாமலிருந்தால் எவ்வளவு வாயு எடுத்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.